வறுவல் சிவக்கும்போது உருவாகும் அக்ரிலமைடு

1997ஆம் ஆண்டு தெற்கு ஸ்வீடனில் ஹாலண்ட்சோஸ் என்ற மலைமேட்டைக் குடைந்து ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்குகளில் கசிந்த தண்ணீரை அடைக்கச் செலுத்திய ரசாயனக் கலவையில் அக்ரிலமைடு இருந்தது. அது முழுதாக இறுகாமல் அருகிலிருந்த ஓடையில் கலந்துவிட்டது. மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன, சுரங்கத் தொழிலாளர்கள் சிலருக்குக் கைகால் மரத்துப்போனது.

யாருடைய உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ரத்தத்தைச் சோதித்தார்கள். அக்ரிலமைடு ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு சுமார் நான்கு மாதம் உயிரோடிருப்பதால், கடந்த சில மாதக் கணக்கு அதில் பதிவாகியிருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். புகைபிடிக்காத அவர்களிடமும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது. காட்டு விலங்குகளில் அது மிகக் குறைவு. சமைத்துச் சாப்பிடுவது மனிதன்தானே என்று ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சந்தேகம் அடுப்பின் பக்கம் திரும்பியது. எலிகளுக்குப் பொரித்த தீவனம் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்திலும் அளவு ஏறியது. உருளைக்கிழங்கு சிப்ஸ், ரொட்டி போன்றவற்றில் அக்ரிலமைடு இருப்பதை 2002 ஏப்ரலில் ஸ்வீடன் அறிவித்தது.

எண்ணெயின் மேல் பழி போட வேண்டாம். எண்ணெயே இல்லாமல் சுடும் ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் இது உண்டு. மூலப்பொருள் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் உருளைக்கிழங்கில் தாராளமாக, புரதத்தோடு பிணையாமல் தனியாகக் கிடக்கிறது. ஒரு அஸ்பராஜின் மூலக்கூறிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடையும் ஒரு அம்மோனியாவையும் கழித்தால் மிஞ்சுவது அப்படியே அக்ரிலமைடு. ஆனால் தனியாகச் சூடுபடுத்தினால் அஸ்பராஜின் இதைப் பெரிதாகச் செய்யாது. குளுக்கோஸோ ஃப்ரக்டோஸோ அதனோடு இணைய வேண்டும், அப்போதுதான் கார்பன் டை ஆக்சைடு எளிதில் கழன்றுகொள்ளும். வறுவலுக்குப் பொன்னிறமும் மணமும் தருகிற மெயிலார்ட் வினையின் ஒரு கிளைதான் இது. அதனால்தான் ருசியை விட்டுவைத்து அக்ரிலமைடை மட்டும் நீக்குவது இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

இந்த வினை வேகம் பிடிக்க ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் தேவை. அவித்த கிழங்கு 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே அதில் பிரச்சினை இல்லை. எண்ணெய்ச் சட்டியிலும் முதல் சில நிமிடங்கள் அப்படித்தான்: துண்டுகளைச் சுற்றிச் சலசலவென்று குமிழி வந்துகொண்டிருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெப்பத்தைத் தின்றுவிடுகிறது. குமிழி அடங்கும்போது மேற்பரப்பு காய்ந்து, அதன் வெப்பம் எண்ணெயின் வெப்பத்தை நோக்கி ஏறும். அக்ரிலமைடின் பெரும்பகுதி அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது. பொன்னிறத்தில் எடுப்பதற்கும் இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று விடுவதற்கும் நடுவே அளவு பல மடங்கு மாறலாம்.

கிழங்கில் சர்க்கரை எவ்வளவு என்பதும் முக்கியம். நெடுநாள் குளிரில் வைத்த கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும், பொரித்தால் சீக்கிரம் கறுக்கும். சிப்ஸ் ஆலைகள் கிழங்கை அதிகக் குளிரில் வைக்காதது இதனால்தான். வீட்டில், நறுக்கிய துண்டுகளைக் கால் மணி முதல் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துப் பொரித்தால் மேற்பரப்புச் சர்க்கரை ஓரளவு கழுவப்பட்டுவிடும்.

ஆபத்து எவ்வளவு? உடலுக்குள் அக்ரிலமைடின் ஒரு பகுதி கிளைசிடமைடாக மாறுகிறது. அது டிஎன்ஏவில் ஒட்டக்கூடியது. எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை 'மனிதரில் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் விலங்குச் சோதனைகளிலிருந்து எடுத்த ஒப்பீட்டு அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 170 மைக்ரோகிராம். இதைவிட நம் உணவில் வருவது குறைந்தது 10,000 மடங்கு கீழே இருந்தால் கவலை குறைவு என்று கொள்வார்கள். சிப்ஸுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் குறியளவு கிலோவுக்கு 750 மைக்ரோகிராம். அந்த அளவில் 50 கிராம் பாக்கெட் ஒன்றில் 37.5 மைக்ரோகிராம் இருக்கும். 15 கிலோ எடையுள்ள குழந்தை அதை முழுதும் தின்றால் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம். இடைவெளி 68 மடங்குதான். 60 கிலோ பெரியவருக்கு 272 மடங்கு. ஒருநாள் தின்றால் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. வாழ்நாள் பழக்கத்துக்கான கணக்கு இது. ஆனால் குழந்தைகளுக்கு இடைவெளி ஏன் சுருங்குகிறது என்பது தெரியும்.

மனிதர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளோ பெரும்பாலான புற்றுநோய்களில் தெளிவான தொடர்பைக் காட்டவில்லை. கருப்பை, சினைப்பை, சிறுநீரகப் புற்றுநோய்கள் பற்றிச் சில ஆய்வுகள் சந்தேகம் எழுப்பின, வேறு சில அதை உறுதிசெய்யவில்லை. புகைபிடிப்பவர் ரத்தத்தில் அளவு பல மடங்கு அதிகம் என்பதால் அவர்களைத் தனியே பிரித்துத்தான் உணவின் பங்கைத் தேட வேண்டியிருக்கிறது. அது போதாதென்று, இந்த ஆய்வுகள் பெரும்பாலும் 'வாரத்துக்கு எத்தனை தடவை வறுவல் சாப்பிடுவீர்கள்' என்று கேட்டுத்தான் கணக்குப் போடுகின்றன. எவ்வளவு சிவக்க வறுத்தார்கள் என்பது அந்தப் பதிலில் இருக்காது.