பழைய கட்டடத்தோடு வாங்கிய நிலம்: இடித்த செலவும் விற்ற சாமானும் எந்தக் கணக்கில்?

ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, கடைவீதியில் பழைய வீடு ஒன்றை 2 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வீட்டை இடித்துவிட்டு ஷோரூம் கட்டுவதுதான் திட்டம். கிரயப் பத்திரத்தில் நிலத்துக்கு 1 கோடியே 85 லட்சம், கட்டடத்துக்கு 15 லட்சம் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் 18 லட்சம், புரோக்கர் கமிஷன் 2 லட்சம். பதிவு முடிந்த கையோடு வீட்டை இடித்தாயிற்று.

ஆண்டுக் கணக்கு ஆடிட்டுக்கு வந்தபோது புத்தகத்தில் இருந்தது இதுதான். நிலம் 2 கோடியே 5 லட்சம். கட்டடம் 15 லட்சம்; அதை இடித்துவிட்டதால் முழுவதும் நஷ்டம் என்று எழுதித் தள்ளியாயிற்று. இடித்தவருக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் "ரிப்பேர், பராமரிப்பு" என்ற தலைப்பில். ஆக, லாப நஷ்டக் கணக்கில் பதினாறரை லட்சம் ரூபாய் செலவு. கணக்கு எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். பத்திரத்தில் உள்ளபடி பிரித்தார், இல்லாமல் போன சொத்தை நீக்கினார், கொடுத்த பணத்தைச் செலவு எழுதினார். ஒவ்வொரு பதிவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். சேர்த்துப் பார்த்தால் மொத்தமும் தவறு.

கம்பெனி 2 கோடி கொடுத்து வாங்கியது எதை? அந்த வீட்டில் யாரும் குடியிருக்கப் போவதில்லை, வியாபாரம் நடத்தப் போவதும் இல்லை. காலி மனையாக இருந்திருந்தால் இன்னும் சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள். அப்படியென்றால் அந்த 15 லட்சமும் நிலத்துக்காகக் கொடுத்த விலைதான். பத்திரத்தில் கட்டடத்துக்குத் தனி மதிப்பு எழுதுவது பதிவுத்துறையின் கணக்குக்காக. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்கு அதன் வயதையும் பரப்பையும் பார்த்து ஒரு மதிப்பு என்று முத்திரைத்தீர்வை கணக்கிட அது தேவை. வாங்கியவர் புத்தகத்தில் எந்தச் சொத்து எவ்வளவுக்கு நிற்க வேண்டும் என்பதை அந்தப் பிரிவு முடிவு செய்வதில்லை. வாங்கும்போது என்ன நோக்கம் என்பதுதான் முடிவு செய்கிறது.

நிலம், கட்டடம் போன்ற சொத்துகளுக்கான கணக்குத் தரநிலை ஏஎஸ் 10 ஆனாலும் இன்ட் ஏஎஸ் 16 ஆனாலும் அடிப்படை ஒன்றே. ஒரு சொத்தை, நாம் நினைத்த பயன்பாட்டுக்குத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆகும் செலவு அந்தச் சொத்தின் அடக்கவிலையில் சேரும். இடத்தைத் தயார் செய்யும் செலவு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. கட்டடம் கட்டத் தகுந்த காலி மனையாக ஆகும் வரை அந்த நிலம் நாம் நினைத்த நிலைக்கு வரவில்லை. அதனால்தான் இடிக்கும் செலவை நிலத்தோடு சேர்க்கிறோம்.

இதற்கு எல்லை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. சுவரை இடிப்பது, பழைய அஸ்திவாரத்தைத் தோண்டி எடுப்பது, கட்டடக் கழிவை டிப்பரில் ஏற்றி அப்புறப்படுத்துவது, மனையைச் சமன் செய்வது எல்லாம் நிலம். புதிய அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுவது, கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், ஆர்க்கிடெக்ட் கட்டணம் எல்லாம் புதிய கட்டடம். ஒரே ஜேசிபி காலையில் பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிட்டு, அடுத்த வாரம் புதிய குழி தோண்டும். பில் ஒன்றாக வரும். அந்த பில்லை மணிக்கணக்கு வைத்துப் பிரித்து வாங்கிவிடுங்கள். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, கட்டடத்துக்கு உண்டு என்பதால் இந்தப் பிரிப்பு வருடா வருடம் லாபத்தைத் தொடும்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் பகுதிக்கு வருவோம். இடித்தவருக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம் என்று சொன்னேன் அல்லவா? அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டபோது நிர்வாக இயக்குநர் சொன்னார்: "அவர் ஆறு லட்சம் கேட்டார் சார். சாமான் எல்லாம் நானே எடுத்துக்கிறேன், அதுக்கு நாலரை லட்சம் கழிச்சுக்கிறேன், மீதியைக் குடுங்கன்னார். குடுத்தோம்."

இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம். பழைய வீட்டில் தேக்கு உத்திரம், நிலைக்கதவு, ஜன்னல், இரும்பு கர்டர், மங்களூர் ஓடு, உடையாத செங்கல் என்று விலை போகும் பொருள் நிறைய இருக்கும். இடிப்பவரே அதற்குச் சந்தை தெரிந்தவர், அதனால் அவரே எடுத்துக்கொள்வார். வழக்கத்தில் தவறில்லை. ஆனால் நடந்தது ஒரு பரிவர்த்தனை இல்லை, இரண்டு. அவர் கம்பெனிக்கு 6 லட்சத்துக்கு வேலை செய்தார். கம்பெனி அவருக்கு நாலரை லட்சத்துக்குச் சாமான் விற்றது. பணம் மட்டும்தான் கழித்துக் கைமாறியது.

நிலத்தின் அடக்கவிலையைப் பொறுத்தவரை இரண்டையும் தனித்தனியாகக் காட்டினாலும் கழித்துக் காட்டினாலும் விடை ஒன்றுதான்: ஆறில் நாலரை போனால் ஒன்றரை. வரியில்தான் வித்தியாசம். ஒப்பந்ததாரருக்கான டிடிஎஸ் பிடிக்க வேண்டியது 6 லட்சத்தின் மேல். அவர் தனிநபர் என்பதால் 1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய். கம்பெனி பிடித்தது ஒன்றரை லட்சத்துக்கு 1,500 ரூபாய். ஜிஎஸ்டியிலும் அப்படித்தான். அவர் பதிவு பெற்றவராக இருந்தால் 6 லட்சத்துக்கு பில் போட வேண்டும். கம்பெனி, தான் விற்ற சாமானுக்கு நாலரை லட்சத்துக்கு பில் போட வேண்டும். பழைய இரும்புக்கு 18 சதவீதம். மரம், ஓடு, செங்கலுக்கு அவையவைக்கு உரிய விகிதம். "பழைய வீட்டுச் சாமானுக்கு எதுக்கு சார் ஜிஎஸ்டி?" என்று கேட்பார்கள். வியாபாரத்துக்காக வாங்கிய சொத்திலிருந்து கழற்றி விற்றது, அதனால் உண்டு. அடக்கவிலையில் கழிப்பது ஜிஎஸ்டி நீங்கலான தொகையை மட்டும்.

அந்த நாலரை லட்சம் சரியான விலைதானா என்பது அடுத்த கேள்வி. இடிக்க ஆரம்பித்தபின் யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே ஒரு பட்டியல் எடுத்துவிட வேண்டும்: எத்தனை நிலைக்கதவு, தேக்கு எத்தனை கன அடி, கர்டர் எத்தனை. இரும்பு வெளியே போகும்போது எடைமேடைச் சீட்டு ஒன்று வேண்டும். புகைப்படமும் வேண்டும். இந்தக் கம்பெனியிடம் இருந்தது ஒரு வெள்ளைத் தாளில் எழுதிய ரசீது மட்டும். நல்லவேளையாக இடித்தவர் உள்ளூர்க்காரர். பட்டியலோடு ஒப்பந்தத்தைப் பின்னர் எழுத்தில் உறுதி செய்து கொடுத்தார், இரு பக்கமும் பில் போட்டு வரியைச் சரிசெய்தோம்.

திருத்திய பிறகு ஜிஎஸ்டி நீங்கலாக நிலத்தின் அடக்கவிலை இப்படி நிற்கிறது (லட்சத்தில்):

200 + 18 + 2 + 6 − 4.5 = 221.5

லாப நஷ்டக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. அந்த வருட லாபம் பதினாறரை லட்சம் கூடியது.

சில வீடுகளில் சாமான் விற்ற பணம் இடிக்கும் செலவைத் தாண்டிவிடும். பர்மா தேக்கு நிறைய உள்ள வீடு என்றால் 6 லட்சம் செலவுக்கு 9 லட்சம் வரவு என்றுகூட வரும். உடனே அந்த 3 லட்சத்தை "இதர வருமானம்" என்று எழுதத் தோன்றும். புத்தகத்தில் அது வருமானம் இல்லை. கொடுத்த 2 கோடிக்குள் அந்தத் தேக்கின் விலையும் அடங்கியிருந்தது; அதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. நிலத்தின் விலை 3 லட்சம் குறையும், அவ்வளவுதான். அதே தேக்கில் நாலு கதவை விற்காமல் புதிய ஷோரூமிலேயே பொருத்தினால், அவற்றின் சந்தை விலையை நிலத்திலிருந்து கழித்துப் புதிய கட்டடத்தில் சேர்க்கலாம்.

இடித்து முடித்து, வரைபட அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் காலி மனையைக் கார் பார்க்கிங்குக்கு விட்டால் வரும் வாடகை மட்டும் வேறு கதை. அது நிலத்தைத் தயார் செய்யும் வேலையின் பகுதி இல்லை. இரண்டு தரநிலைகளும் அதை லாப நஷ்டக் கணக்குக்குத்தான் அனுப்புகின்றன. அதை நிலத்தில் கழிக்கக் கூடாது.

நோக்கம் மாறினால் மொத்தக் கணக்கும் மாறும். இதே கம்பெனி அந்த வீட்டை இரண்டு வருடம் குடோனாகப் பயன்படுத்திவிட்டு அப்புறம் இடிப்பது என்று வாங்கியிருந்தால், அந்த இரண்டு வருடப் பயன்பாட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைக் கட்டடம் என்று பிரித்து, இரண்டு வருடத்தில் தேய்மானம் போட்டு முடிக்க வேண்டும். கம்பெனி வருடக்கணக்காகத் தொழில் நடத்தி வந்த சொந்தக் கட்டடத்தை இடித்தால், புத்தகத்தில் மீதி நிற்கும் மதிப்பு லாப நஷ்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அதை நிலத்திலோ புதிய கட்டடத்திலோ ஏற்ற வழியில்லை. இடிக்க முடிவெடுத்த நாளிலேயே மீதி ஆயுளைச் சுருக்கி, தேய்மானத்தைக் கூட்டிக்கொண்டு வருவது முறை. அந்த நிலையில் இடிக்கும் செலவைப் புதிய கட்டடத்துக்கான இடத் தயாரிப்பு என்று பார்ப்பவர்களும் உண்டு, செலவு எழுதுபவர்களும் உண்டு. பழைய கட்டடத்தின் கதை முடிகிறது என்பதால் செலவு எழுதுவதே என் வழக்கம்.

வருமான வரியிலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தி, தேய்மானம் கோரிய கட்டடம், ஒரே விகிதச் சொத்துகளை மொத்தமாக வைத்துத் தேய்மானம் போடும் "பிளாக்"குக்குள் போய்விடும். அதை இடித்தால் மீதி மதிப்பை நஷ்டமாகக் கேட்க முடியாது. சாமான் விற்ற தொகையைப் பிளாக்கிலிருந்து கழிக்க வேண்டும். 1961 சட்டத்தில் பிரிவு 43(6) இதைச் சொல்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு. ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் இடித்த கட்டடத்துக்குத் தேய்மானமே கிடையாது. இந்தக் கம்பெனியின் கணக்காளர் எழுதிய 15 லட்சம் நஷ்டம் ரிட்டர்னிலும் போயிருந்தால் அதிகாரி முதலில் கைவைப்பது அதில்தான்.

நோக்கத்தை எதை வைத்துக் காட்டுவது? வாங்குவதற்கு முன் போட்ட போர்டு தீர்மானத்தில் "இடித்துவிட்டு ஷோரூம் கட்ட" என்று ஒரு வரி, ஆர்க்கிடெக்டிடம் பேசிய தேதி, இடிக்க உள்ளாட்சியில் விண்ணப்பித்த தேதி, மின் இணைப்பைத் துண்டித்த தேதி. இந்தத் தேதிகள் கிரயத் தேதியை ஒட்டி இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எட்டு மாதம் மின்கட்டணம் வந்திருந்தால் கேட்பார்கள்.

இந்தக் காகிதங்களை அந்த வருட ஆடிட் ஃபைலோடு கட்டி வைத்துவிடாதீர்கள். நிலம் கையில் இருக்கும் வரை, பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள். 2024 ஜூலை 23 முதல் நிலம் விற்கும் கம்பெனிக்கு நீண்டகால மூலதன ஆதாயத்தில் பணவீக்கக் குறியீட்டுச் சலுகை இல்லை. வாங்கிய விலையும் மேலே செய்த செலவும் ஆதாரத்தோடு எவ்வளவு காட்ட முடிகிறதோ அவ்வளவுதான் கழியும். இருபது வருடம் கழித்து இந்த மனையை விற்கும்போது, இடித்த 6 லட்சத்துக்கும் சாமான் விற்ற நாலரை லட்சத்துக்கும் பில்லைக் கேட்பார்கள்.