"உயிர் பிழைச்சதே பெருசு" என்று சொல்லாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. ஒரு வருடம் முழுக்க அங்கே பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறி, ஶ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் துண்டிக்கப்பட்டுப் போனது. தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு அரிசி, போர்வை எடுத்துக்கொண்டு போன வண்டியில் நானும் இருந்தேன்.

வராந்தாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். கொடுத்த பையைப் பிரிக்கவில்லை. அதன் கயிற்றை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எங்களோடு வந்த கல்லூரிப் பெண் பக்கத்தில் போய் நின்றதும், "நாலு ஆடும்மா. கயித்த அவுத்து விட்டிருக்கலாம்லா, அதுவாது நீந்திப் போயிருக்கும்" என்றார். அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள்: "விடுங்கக்கா, உயிர் பிழைச்சதே பெருசு. ஆடு திரும்ப வாங்கிக்கலாம்." அந்த அம்மா "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எங்களில் யாரிடமும் பேசவில்லை.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மா ஆட்டின் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. தன் கை கட்டிய கயிற்றால் நாலு உயிர் போய்விட்டது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஆறுதல், "இதைப் பற்றி என்னிடம் பேசாதே" என்றுதான் காதில் விழும். "எல்லாம் விதி", "கடவுள் பார்த்துக்குவார்", "அழாதீங்க, தைரியமா இருங்க", "பக்கத்து ஊர்ல இதைவிட மோசம்" எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவரே "சாமிதான் காப்பாத்திச்சு" என்றால் அது அவருடைய பிடிமானம், தலையாட்டலாம். நாம் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சரி, அப்படியானால் மனதில் உள்ளதை எல்லாம் கொட்ட வைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடுமே என்று தோன்றும். உளவியலாளர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஒரு வழிமுறை பரவியது: சம்பவம் நடந்த சில நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், எது ரொம்பக் கொடுமையாக இருந்தது என்று வரிசையாகக் கேட்டு வெளியே கொண்டுவருவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 1997-ல் வேல்ஸில் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவினரை இப்படிப் பேச வைத்தார்கள், இன்னொரு குழுவினரை விட்டுவிட்டார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச வைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது, விட்டுவிட்டவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பேச வைத்த குழுவில் தொடக்கத்திலேயே கொஞ்சம் அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது: ஆரம்பத்தில் ரொம்பக் கலங்கியிருந்தவர்களில், பேச வைக்கப்பட்டவர்கள் கலங்கியபடியே இருந்தார்கள், சும்மா விடப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள். யாருக்கு இந்த உதவி ரொம்பத் தேவை என்று நினைத்தோமோ அவர்களைத்தான் அது கெடுத்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் ஒன்று உண்டு. பயத்தில் உடம்பு அட்ரினலினைக் கொட்டும்போது, அந்த நேரத்து நினைவை மூளை அழுத்திப் பதிய வைக்கிறது. உடம்பு இன்னும் அடங்காமல், நெஞ்சு படபடக்கிற நிலையிலேயே அதை மறுபடி மறுபடி சொல்ல வைத்தால், நினைவும் பயமும் இன்னும் இறுகப் பின்னிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில நாட்களில் வரும் தூக்கமின்மை, திடுக்கிடுதல், பசியின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் பாதுகாப்பும் சொந்தபந்தமும் கிடைக்கக் கிடைக்கத் தானாகவே குறையும். நாம் போய் அந்தத் தேறுதலைக் குலைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முகாம்களில் இந்தக் குலைப்பு நம் கண்ணெதிரே நடக்கிறது. காலையில் ஒரு குழு வந்து "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்கும். மத்தியானம் இன்னொன்று. சாயங்காலம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே ஒருவர் கேட்பார். ஒரே நாளில் நாலு தடவை அந்த அம்மா ஆட்டின் கயிற்றுக்குத் திரும்பப் போக வேண்டும்.

வாயை அடைக்கும் ஆறுதலுக்கும் வாயைப் பிடுங்கும் கேள்விக்கும் நடுவில் நிற்பதுதான் உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2011-ல் களப்பணியாளர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. டாக்டர் பட்டம் வேண்டாம், ஆனால் பயிற்சி எடுத்துக்கொண்டால் நல்லது. இது கவுன்சிலிங்கும் அல்ல, நோய் கண்டுபிடிக்கும் வேலையும் அல்ல.

அன்றைக்கு அதை எனக்குக் காட்டியது ஒரு கிராம சுகாதார செவிலியர். அவர் அந்த அம்மாவுக்கு எதிரே நிற்கவில்லை, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தார். "நான் இங்க சப்சென்டர் நர்சுக்கா. கொஞ்ச நேரம் உங்ககூட இருக்கட்டா?" என்று கேட்டார். யார் என்று சொன்னதும், அனுமதி கேட்டதும், ஒரு வரியில் முடிந்தது. "சாப்பிட்டீங்களா?" "ம்." அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை, எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும் போல இருந்தது. பிறகு அந்த அம்மாவே ஆட்டைப் பற்றி ஆரம்பித்தார். நர்சு கேட்டது ஒன்றே ஒன்று: "குட்டியிலேருந்து வளத்ததாக்கா?" அதற்கு அந்த அம்மா அழுதார். அழவிட்டார். "அழாதீங்க" என்று சொல்லவில்லை, தோளைத் தொடவும் இல்லை. கை நடுங்கியதைப் பார்த்து, "வெந்நி கொண்டு வரட்டா?" என்றார்.

"என்ன நடந்தது?" என்று அவர் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். "ஏன்" என்ற சொல்லும் வரவில்லை. தமிழில் "ஏன்" என்று தொடங்கினாலே அது பாதி குற்றச்சாட்டு. "ஏன் அவுத்து விடல?", "தண்ணி வருதுன்னு சொன்னாங்கல்ல, ஏன் கிளம்பல?" என்றால் ஏற்கனவே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருப்பவரை நாமும் விசாரிக்கிறோம். "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?", "யார்கிட்டயாவது பேசணுமா?" என்பவை கேட்கத் தக்க கேள்விகள். குற்ற உணர்வோடு வாதாடி ஜெயிக்க முடியாது. "அது உங்க மனசை அறுத்துட்டே இருக்குல்ல" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டினால் போதும். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" வேண்டாம், நமக்குப் புரியாது. 2015-ல் உங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்த கதையும் வேண்டாம், அது உங்கள் கதை.

மூச்சு முட்டி, கண் ஓரிடத்தில் குத்தி நிற்பவரிடம் பேச்சே எடுபடாது. பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லலாம், மடியில் விரலால் மெல்லத் தட்டச் சொல்லலாம், சுற்றிலும் கண்ணில் படும் சாதாரணப் பொருள்களைச் சொல்லச் சொல்லலாம், கூடவே நாமும் மெதுவாக மூச்சு விடலாம். மனம் அந்த இரவிலிருந்து இந்த வராந்தாவுக்கு வர ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வெந்நீர் வந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராம், மாத்திரை வெள்ளத்தோடு போய்விட்டது, மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நாங்கள் முழுக்கத் துக்கம் என்றே நினைத்திருந்தோம். 'பார்' என்ற முதல் சொல்லுக்கு இதுதான் அர்த்தம். மனக்கலக்கம் போலத் தெரிவதெல்லாம் மனக்கலக்கம் அல்ல. தினமும் குடிப்பவருக்கு வெள்ளத்தால் திடீரென்று குடி நின்றுபோனால், இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கி, வியர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து உளறலாம். வலிப்பும் வரலாம். "பாவம், அதிர்ச்சியில இப்படி ஆயிட்டார்" என்று விட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை தொலைந்தவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கூச்சம். "தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாவது தொலைஞ்சுதா?" என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டுவிடுவது நல்லது. தூங்கவில்லை என்பதற்காகத் தூக்க மாத்திரையை மட்டும் யாரும் கையில் திணிக்க வேண்டாம். முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்கு அந்த வகை மருந்துகளைத் தரக்கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சாகப் போகிறேன் என்பவர், தான் யார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவர், தன்னையோ தன் குழந்தையையோ கவனிக்க முடியாமல் போனவர், இவர்கள் முதலுதவியோடு நிற்கக் கூடாது. தனியே விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 14416-ல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். நாள் போகப் போகக் குறையாமல், ஒரு மாதத்துக்கு மேலும் தூங்க முடியாமல் அந்த இரவிலேயே வாழ்பவருக்கும் முறையான சிகிச்சை வேண்டும். அங்கே, பயிற்சி பெற்றவரின் கையில், நடந்ததைப் பேசுவது பலன் தரும். நேரமும் ஆளும்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உளவியல் முதலுதவி பிற்காலத்தில் மனநோய் வராமல் தடுக்கும் என்று யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை. பேரிடரின் நடுவில் அப்படி ஒரு சோதனை நடத்துவது கடினம். பாதுகாப்பு, அமைதி, தன்னால் முடியும் என்ற உணர்வு, உறவு, நம்பிக்கை இந்த ஐந்தும் தேறுவதற்குத் துணை செய்கின்றன என்று மற்ற ஆய்வுகளிலிருந்து தெரிந்ததைக் கோத்துச் செய்த முறை இது.

'இணை' என்றால் தேவையான உதவியோடும் உறவுகளோடும் சேர்த்துவிடுவது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள், இரக்கத்தால் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "நாளைக்குப் பணம் வந்துரும்", "உங்க வீட்டுக்காரர் பத்திரமாத்தான் இருப்பார்". தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும், குழந்தையிடமும்கூட. நர்சு அந்த அம்மாவிடம், "ஆடு செத்ததுக்கு அரசாங்கத்துல நிவாரணம் உண்டுக்கா. உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்னு எனக்குத் தெரியல. விஏஓ கிட்ட கேட்டுட்டு நாலு மணிக்கு வரேன்" என்றார். விஏஓ அன்றைக்கு அகப்படவில்லை. நாலு மணிக்கு நர்சு வந்தார், கையில் சர்க்கரை மாத்திரை மட்டும் இருந்தது. "அவரைப் பார்க்க முடியலக்கா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றாராம், நானும் வரேன்" என்றார். அந்த அம்மா பையைப் பிரித்துப் போர்வையை எடுத்துக்கொண்டே, "ஆடுக போட்டோ கேப்பாங்களோ? எங்க அண்ணன் மவன் போன்ல இருக்கும்" என்றார்.