ஏழு மணிச் சண்டை: ஒருவருக்கு ஆள் வேண்டும், ஒருவருக்கு அமைதி வேண்டும்

கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஹால், ஒரு சமையலறை கொண்ட போர்ஷனில் குடியிருக்கும் தம்பதிகள் ஆலோசனைக்கு வந்தால், புகார் பெரும்பாலும் இரண்டு வரியில் அடங்கிவிடும். "வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு" என்பார் ஒருவர். "செருப்பைக் கழட்டக்கூட விடாம ஆரம்பிச்சுடுறா" என்பார் மற்றவர். யார் சொல்வது சரி என்று பார்ப்பதைவிட, சண்டை எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்பது பலன் தரும். சாயங்காலம் ஏழிலிருந்து எட்டரைக்குள் என்ற பதில்தான் அடிக்கடி வரும்.

அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. ஆள் பழக்கம் பிடிக்கும் குணம், ஒதுங்கி இருக்கப் பிடிக்கும் குணம் என்ற பிரிவை 1921இல் கார்ல் யுங் எழுதிய நூல் பரவலாக்கியது. இன்றைய உளவியல் இதை இரண்டு பெட்டிகளாகப் பார்ப்பதில்லை. ஒரே கோட்டில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். கணவனும் மனைவியும் அந்தக் கோட்டில் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதே விஷயம். 2017இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கலகலப்பாகப் பழகும் நேரத்தில் மனநிலை நன்றாக இருக்கிறது, ஆனால் சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு ஏறுகிறது. ஒதுங்கிய குணம் உள்ளவருக்கு மட்டும் அல்ல, கலகலப்பானவருக்கும் அப்படித்தான். ஆகவே "கல்யாணத்துல நல்லாத்தானே சிரிச்சுப் பேசினே, வீட்டுக்கு வந்ததும் என்ன வந்துச்சு?" என்ற கேள்விக்குப் பதில் நடிப்பு அல்ல, களைப்பு.

பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் பாரிமுனையில் ஒரு மொத்த மருந்துக் கடையின் பில்லிங் கவுண்டரில் இருக்கிறார். காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறரை வரை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மெட்ரோ பிடித்துக் காலடிப்பேட்டையில் இறங்கி வீடு சேர ஏழே கால் ஆகிறது. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியபின் ஐந்து மணி வரை மிஷினோடு தனியாக இருக்கிறார். பத்துப் பேர் கொண்ட ராயபுரத்து வீட்டில் வளர்ந்தவர் அவர். ஏழே காலுக்குக் கணவர் உள்ளே வரும்போது, அவருக்குப் பேச்சு போதும் என்ற நிலை உச்சத்தில் இருக்கிறது; மனைவிக்கோ ஒரு மனித முகம் வேண்டும் என்ற தேவை உச்சத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நிமிடத்தில் மோதுகின்றன.

அடுத்து நடப்பது எங்கும் ஒரே மாதிரிதான். மனைவி கேட்கிறார், கணவர் "ம்" என்கிறார். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறார், இவர் மொட்டை மாடிக்குப் போகிறார். அவர் பின்னாலேயே ஏறி வருகிறார். ஒருவர் விலக விலக இன்னொருவர் துரத்துவார். துரத்தத் துரத்த முதலாமவர் விலகுவார். உறவினர் இதற்குச் சீக்கிரமே பெயர் வைத்துவிடுவார்கள்: கணவருக்குத் "தலைக்கனம்", மனைவிக்கு "வாயாடி". இரண்டு பட்டமும் நோயைச் சொல்வதில்லை, ஆனால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

"தனியா ஒரு ரூம் ஒதுக்குங்க" என்ற அறிவுரை முந்நூற்றைம்பது சதுர அடி வீட்டில் செல்லாது. இங்கே அமைதியை இடத்தால் உண்டாக்க முடியாது, நேரத்தால்தான் உண்டாக்க வேண்டும். முதல் வேலை, ஒரு வாரம் குறித்து வைப்பது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் இருவரும் தினமும் மூன்று வேளை ஒரு எழுத்துப் போட வேண்டும்: ஆள் வேண்டும் என்றால் "ஆ", தனிமை வேண்டும் என்றால் "த", சரியாக இருக்கிறது என்றால் "ச". காலை கிளம்பும் முன், வீடு சேர்ந்த பின், படுக்கும் முன். விளக்கம் எழுதக் கூடாது; எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். மேலே சொன்ன குடும்பத்தில் ஏழே கால் கட்டத்தில் கணவர் ஆறு நாளும் "த", மனைவி ஆறு நாளும் "ஆ". ஆனால் படுக்கும் முன் கட்டத்தில் கணவர் நாலு நாள் "ச" போட்டிருந்தார். பேச்சே பிடிக்காதவர் அல்ல, அந்த நேரத்தில் முடியாதவர் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு இரண்டு உச்சங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்க வேண்டும். கணவர் ஒரு ஸ்டேஷன் முன்னால், டோல்கேட்டில் இறங்கி நடந்து வருகிறார். அந்தச் சாலையில் இரைச்சலுக்குக் குறைவில்லை, உண்மைதான். ஆனால் அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒதுங்கிய குணம் உள்ள பலருக்குச் சத்தத்தைவிடப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே பாரம். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, காபி குடித்து, மேலும் இருபது நிமிடம். மனைவி ஐந்தரைக்கு மிஷினை மூடிவிட்டு ஆறே முக்கால் வரை கீழ் போர்ஷன் அக்காக்களோடு படியில் உட்காருகிறார், அல்லது அம்மா வீட்டுக்குப் போய் வருகிறார். கணவர் வரும்போது மனைவியின் தேவை பாதி தீர்ந்திருக்கும். மீதிப் பாதி கணவரிடம் மட்டுமே கிடைப்பது, அதை அக்காக்களால் தீர்க்க முடியாது.

அதனால்தான் இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான விதி ஒன்று உண்டு: அமைதி நேரம் எடுப்பவர், எப்போது திரும்பி வருவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்குத் தானே வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். "ஏழே முக்காலுக்கு வரேம்மா" என்று சொல்லி, அதே நேரத்துக்கு வந்து "இன்னிக்கு யாரு துணி எடுத்துட்டுப் போனாங்க?" என்று அவர் கேட்டுவிட்டால், மனைவி துரத்த வேண்டிய அவசியம் இல்லை. சொல்லாமல் ஒதுங்கினால் முப்பது நிமிடமும் மூன்று மணி நேரம் போல இருக்கும். இருபது நிமிடப் பேச்சு போதும், ஆனால் அந்த இருபது நிமிடம் டிவி ஓடக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு உடைவது இந்த இடத்தில்தான். அமைதி நேரத்தை அவர் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார், திரும்பி வருவதை மறந்துவிடுகிறார். ரீல்ஸ் பார்த்தபடி படுத்தால் அரை மணி ஒரு மணி ஆகும், களைப்பும் தீராது.

விசேஷங்கள் தனிக் கதை. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று வைகாசி, ஆவணியில் பத்திரிகை குவியும். வந்த அன்றே ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துவிடுவது நல்லது. சாவு வீடும் கூடப் பிறந்தவர்கள் வீட்டு விசேஷமும் கட்டாயம். இருவரும் முழுக்க இருக்க வேண்டும். இரண்டாவது, முகம் காட்டினால் போதும்: மொய் எழுதி, வாழ்த்திச் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் கணவர் கிளம்பலாம். மூன்றாவது, மனைவி மட்டும் போவது. இந்த மூன்றாவது பிரிவில் எதுவுமே இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் நேர்மையானது அல்ல. கிளம்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். மண்டபத்தில் கண் ஜாடை காட்டி முடிவு செய்யப் போனால் இருவருக்கும் மானம் போகும். ஒரே பைக்கில் போனால் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும், எனவே திரும்ப ஆட்டோவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும். யாராவது கேட்டால் "உடம்பு சரியில்ல" என்ற பொய் வேண்டாம், அடுத்த விசேஷத்தில் அது மாட்டிக்கொள்ளும். "வந்து பார்த்துட்டுக் கிளம்பிட்டாரு, நான் இருக்கேன்ல" என்று மனைவி சிரித்துக்கொண்டே சொன்னால் முடிந்தது.

கட்டாயம் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சேரில் உட்கார்ந்து தெரிந்தவர் தெரியாதவரோடு பேச்சை இழுப்பதுதான் அவரைச் சாகடிக்கும். மொய் நோட்டு எழுதுவதோ பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதோ அல்ல. இந்தக் குணக்காரர்கள் பலர் கல்யாண வீட்டில் மிக நல்ல வேலைக்காரர்கள். இன்னொரு வழியையும் சொல்லியாக வேண்டும்: கூட்டத்தைத் தாங்க "ஒரு கட்டிங்" போட்டுவிட்டு வருவது. அது ஓரிரு முறை பேச்சை எளிதாக்கும். பிறகு அது இல்லாமல் போக முடியாமல் ஆகும். அந்த நிலையில் பிரச்சினை குணமல்ல, குடி.

சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு ஒரு சின்ன விதி போதும். கணவர் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து முகம் கொடுத்துப் பேச வேண்டும். அதன் பிறகு டீ வாங்கவோ தண்ணீர் பிடிக்கவோ எழுந்து போனால் மனைவி அதைக் குற்றமாக எடுக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், உதாரணமாகப் புதன், யாரையும் தாங்களாக அழைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா அமைதியும் குணத்தால் வருவதல்ல. கேரம் கிளப்பில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிப்பவர் வீட்டில் மட்டும் மௌனம் என்றால், அது ஒதுங்கிய குணம் அல்ல, அந்த உறவில் ஏதோ அடைத்திருக்கிறது. காலண்டர் எழுத்தால் அது தீராது. மௌனம் ஒரு சண்டைக்குப் பிறகு தொடங்கி, மனைவி மன்னிப்புக் கேட்டதும் முடிந்தால் அது தண்டனை. "எனக்கு அமைதி வேணும், அதனால நீ அம்மா வீட்டுக்குப் போகாதே" என்றால் அது அடக்குமுறை. ஒருவருடைய அமைதி அவருடைய நேரத்தைத்தான் பிடிக்கலாம், இன்னொருவருடைய கால்களை அல்ல. வன்முறையோ மிரட்டலோ இருந்தால் 181 பெண்கள் உதவி எண்.

மனச்சோர்வைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒதுங்கிய குணம் உள்ளவருக்குத் தனியாகச் செய்யப் பிடித்த ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்: பழைய பாட்டு, ரேடியோ பழுது பார்ப்பது, தனியாக நடப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் அதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் மாறி, வேலையிலும் தடுமாற்றம் வந்தால் காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மனஸ், கட்டணம் இல்லை.

ஏற்பாட்டை நாலு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு வாரம் எழுத்துப் போட்டுப் பாருங்கள். ஏழே கால் கட்டத்தில் "ஆ"வும் "த"வும் முழுக்க மறையாது. ஆறு நாள் மூன்று நாளாகக் குறைந்தால் அது வேலை செய்கிறது. ஆடி மாதத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெருவுக்குத் தெரு கூழ், மைக் செட், வீடு நிறைய சொந்தம் என்று இருக்கும் நாட்களில் யாருக்கும் ஏழே முக்கால் நிலைக்காது. அந்த மாதத்துக்கு அவருடைய அமைதி நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். ஐந்தரைக்கு எழுந்தால் குழாயடி வரிசைகூட இன்னும் கூடியிருக்காது.