காப்பீட்டு அட்டை: தணிக்கை அறிக்கை சொல்லும் 22.44 கோடி யாருக்குப் போனது?

திருநெல்வேலிப் பக்கம் ‘காப்பீட்டு அட்டை’ என்றாலே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் இதோடு சேர்ந்துகொண்டது. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் அட்டையை நீட்டுகிற பலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஆயுஷ்மான் பாரத் பற்றி சி.ஏ.ஜி. எனப்படும் மத்திய தணிக்கைத் துறை எழுதியது நமக்கும் சேர்த்துத்தான்.

அந்த அறிக்கை 2023 ஆகஸ்ட் 8 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆராய்ந்த காலம் 2018 செப்டம்பர் முதல் 2021 மார்ச் வரை. இன்றைய நிலவரமாக அதைப் படிக்கக் கூடாது.

தமிழ்நாட்டைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்பு ஓய்வூதியர்கள் விஷயம். அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் இந்தத் திட்டத்தில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு காப்பீடு இருக்கிறது. ஆனால் தணிக்கையாளர்கள் பயனாளிகள் பட்டியலை ஓய்வூதியர் பட்டியலோடு ஒப்பிட்டபோது, 1,07,040 ஓய்வூதியர்கள் இதிலும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய பிரீமியம் சுமார் 22.44 கோடி ரூபாய்.

இதை ‘ஓய்வூதியர்கள் 22 கோடி சுருட்டினார்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். டீக்கடையில் அப்படித்தான் பேசுவார்கள். சரி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். 22.44 கோடியை 1,07,040 ஆல் வகுத்தால் தலைக்குச் சுமார் 2,096 ரூபாய் வருகிறது. இது அறுவைச் சிகிச்சைக்கான தொகை அல்ல. ஆஸ்பத்திரிக்கு யாரும் போகாவிட்டாலும் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிற பிரீமியம். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்திடம். பாளையங்கோட்டையில் இருக்கிற ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாருக்குத் தன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். அதற்காக ஒருவரும் சிகிச்சை பெறவில்லை என்றும் எழுதிவிட முடியாது. தகுதியில்லாதவர்களை நீக்குவதில் ஏற்பட்ட தாமதத்தால் அவர்கள் பலன் பெற்றதும் நடந்தது, பிரீமியம் கூடுதலாகப் போனதும் நடந்தது என்று அறிக்கை இரண்டையும் சொல்கிறது. 22.44 கோடி என்ற எண் மட்டும் பிரீமியத்துக்கு உரியது.

இதைவிட அதிகமாகக் குழப்புவது ‘இறந்தவர்களுக்குச் சிகிச்சை’ என்ற பகுதி. இதில் எண்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சிகிச்சையின்போது இறந்ததாகக் கணினியில் பதிவானவர்கள் நாடு முழுவதும் 88,760 பேர். இது மரணக் கணக்கு, இதில் மோசடி என்று எதுவும் இல்லை. இறந்ததாகப் பதிவான பிறகும் புதிதாகச் சிகிச்சை பெற்றதாகக் காட்டிய கிளெய்ம்களில், 3,446 பேர் தொடர்பான 3,903 கிளெய்ம்களுக்கு 6.97 கோடி ரூபாய் மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறது. 88,760 என்பதையும் 6.97 கோடியையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டினால், எண்கள் சரியாக இருந்தும் செய்தி தப்பாகிவிடும்.

திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையத்தின் பதிலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடைமுறைக் காரணங்களுக்காக, மருத்துவமனையில் சேர்த்த தேதியைப் பின்தேதியிட்டுப் பதியக் கணினி அனுமதிக்கிறது என்றது ஆணையம். இறந்தவர் என்று பதிவானவருக்கு முன் அனுமதி முதல் கிளெய்ம் ஒப்புதல் வரை எல்லாம் நடந்திருப்பதே கணினிக் கட்டுப்பாட்டின் குறைதான் என்று தணிக்கைத் துறை அந்தப் பதிலை ஏற்கவில்லை. குற்றச்சாட்டு, பதில், பதிலுக்கு மறுப்பு என மூன்றும் இருந்தால்தான் வாசகருக்கு முழுச் சித்திரம் கிடைக்கும். என்னைக் கேட்டால், மறுப்புதான் பெரும்பாலான செய்திகளில் முதலில் வெட்டுப்படுகிறது.

9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் 7,49,820 பயனாளிகள் என்பதுதான் அதிகம் பேசப்பட்டது. பயனாளியைச் சரிபார்ப்பது ஆதார் மூலம்தான், செல்போன் எண் தகவல் அனுப்ப மட்டுமே என்று மத்திய அரசு விளக்கியது. அதற்குப் பக்கத்திலேயே, தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் என்று இன்னொரு வரி இருக்கிறது. செல்போனுக்குச் சொன்ன விளக்கம் இதற்குப் பொருந்தாது. நம் ஊர்ப் பத்திரிகைக்கு முதல் பக்கத்தில் வர வேண்டியது இந்த வரிதான்.

அறிக்கை யாரிடமும் பணத்தைத் திரும்ப வாங்காது, யாரையும் தண்டிக்காது. நாடாளுமன்றத்துக்குப் போய், பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கலாம், அவ்வளவே. உங்கள் அட்டையில் குடும்பத்தார் பெயர் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேட்கலாம், அல்லது 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்.