495 கிராமைக் குறி வைத்த மசாலாப் பாக்கெட்டுகள்

பிறையில் மசாலாத்தூள் அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு சிறிய கிலாங்கிலிருந்து போன வருடம் எனக்கு அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மொத்த வியாபாரி ஒருவர், எடை குறைகிறது என்று ஒரு லோடு கறித்தூளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 500 கிராம், ±2%.

கிலாங் முதலாளியின் கணக்கில் தவறில்லை. 500-க்கு 2 விழுக்காடு 10 கிராம். ஆக 490 முதல் 510 வரை ஏற்கலாம். "490 வரைக்கும் விடலாம்னுதானே எழுதியிருக்கு? அதனால 495-க்கு வச்சோம் அண்ணே. அதுக்கும் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார்.

முதலில் பாக்கெட்டைத் தராசில் எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தேன். உறையோடு சேர்த்து வைத்தார்கள். காலி உறைகள் பத்தை எடுத்து மொத்தமாக நிறுத்தோம். 80 கிராம் வந்தது, அதாவது ஓர் உறைக்கு 8 கிராம். பாக்கெட்டில் அச்சிட்ட 500 கிராம் நிகர எடை, உள்ளே இருக்கும் தூளின் எடை. தராசு 495 என்று காட்டியபோது வாங்குபவருக்குக் கிடைத்தது 487 கிராம்தான். உறையோடு நிறுப்பதென்றால் எல்லையையும் 8 கிராம் தள்ளி, 498 முதல் 518 வரை என்று வைக்க வேண்டும். அதைவிட எளிய வழி, காலி உறையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு நிறுப்பது. உறை வாங்கும் கடையை மாற்றினால் அதன் எடையை மறுபடி பார்க்க வேண்டும். தடிப்பு கொஞ்சம் கூடினாலும் கணக்கு நகர்ந்துவிடும்.

"அப்ப உறையைக் கழிச்சிட்டு 495-க்கு வச்சா சரிதானே?" என்று கேட்டார். நான் போகிற பல இடங்களில் இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

அப்படியே வைத்து 50 பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தோம். சராசரி 495 வந்தது. ஆனால் மிகக் குறைந்த பாக்கெட் 486, மிக அதிகமானது 503. 490-க்குக் கீழே ஆறு பாக்கெட்டுகள். எந்த நிரப்பும் இயந்திரமும் ஒரே எடையைத் திரும்பத் திரும்பக் கொட்டாது. குறியின் இரண்டு பக்கமும் கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறலுக்காகத்தான் ஒப்பந்தத்தில் 2 விழுக்காடு இடம் விடுகிறார்கள். குறியையே கீழ் எல்லைப் பக்கம் தள்ளினால் சிதறுகிற எடைக்கு அந்தப் பக்கம் இடமே இல்லை. குறியை 501-க்கு ஏற்றி இன்னொரு 50 நிறுத்தோம். குறைந்தது 492, அதிகமானது 509. ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை.

முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. பாக்கெட்டுக்கு 6 கிராம் கூடினால் ஆயிரம் பாக்கெட்டுக்கு 6 கிலோ தூள். அவர் கவலை நியாயமானது. ஆனாலும் அந்த 6 கிலோவில் 5 கிலோ, உறையில் 500 என்று அச்சிட்டு அவர் ஏற்கெனவே விற்றுவிட்ட தூள். சட்ட அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பின் ஆர் 87 பரிந்துரையும் இதையே சொல்கிறது: தனிப் பாக்கெட் ஒன்று இரண்டு ஓரளவு குறையலாம், ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. வியாபாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ±2% அதற்குப் பதிலாகாது.

தூளை மிச்சம் பிடிக்க வேறு வழி இருந்தது. நிறுத்த எடைகளை வரிசையாக எழுதிவைத்திருந்தேன். அதைப் பார்த்தால் எடை கன்னாபின்னாவென்று மாறவில்லை. படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து, திடீரென்று ஏறி, மறுபடி குறைந்தது. ஏறிய ஒவ்வொரு முறையும் பையன் மேலே இருக்கும் ஹாப்பரில் புதிதாகத் தூள் கொட்டியிருக்கிறான். அந்த இயந்திரம் எடை பார்த்துக் கொட்டுவதில்லை. உள்ளே ஒரு திருகு சுற்றுகிறது, இத்தனை சுற்றுக்கு இவ்வளவு தூள் என்று கொள்ளளவில் தள்ளுகிறது. ஹாப்பர் நிறைந்திருந்தால் மேலிருக்கும் பாரம் தூளை அழுத்துகிறது, ஒரு சுற்றில் அதிக எடை இறங்குகிறது. அடிமட்டத்துக்கு வந்ததும் தூள் தளர்ந்துவிடுகிறது. அதே சுற்றில் எடை குறைகிறது.

முழுக்கக் காலியாகும்வரை காத்திருந்து ஒரு மூட்டையைக் கொட்டுவதை நிறுத்தச் சொன்னேன். ஹாப்பரில் பாதிக்கு மேல் ஒரு கோடு போட்டு, தூள் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னேன். அடுத்த 50 பாக்கெட்டுகள் 496-க்கும் 505-க்கும் நடுவில் நின்றன. இப்போது குறியை 500.5-இல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை ஹாப்பரில் தூள் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஐந்து பாக்கெட்டுகளை நிறுத்து, நோட்டில் எழுதிக்கொள்கிறான் அந்தப் பையன்.