அக்கி: முதல் சிவப்பிலிருந்து மூன்று நாள்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மா, வயது 62 என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை இடது விலாவில் எரிச்சல் தொடங்குகிறது. சேலை உரசினாலே சுள்ளென்று இழுக்கிறது. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். மறுநாள் நெஞ்சுவலியோ என்று பயந்து இ.சி.ஜி.யும் எடுத்தாகிவிட்டது; அதில் குறை ஒன்றும் இல்லை. வியாழன் காலை முதுகெலும்புக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு. சாயங்காலம் மார்புக்குக் கீழே இன்னொன்று, அதன்மேல் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். வலப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்: "இது அக்கில்லா மதினி!"

அவர் சொன்னது சரிதான். ஆனால் வெயிலோ உடல் சூடோ இதற்குக் காரணமில்லை. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமிதான் காரணம். வேரிசெல்லா ஜாஸ்டர் என்ற அந்த வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகும்போதும், புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதும் ஏதோ ஒரு முடிச்சில் மறுபடி பெருகத் தொடங்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல்.

பெருகும்போது முதலில் அடிபடுவது நரம்பு. அதனால்தான் தோலில் எதுவும் தெரிவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடுகிறது. அப்புறம் வைரஸ் அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. விலா நரம்பு ஒவ்வொன்றும் முதுகிலிருந்து நெஞ்சின் நடுக்கோடு வரை ஒரு பட்டையைத்தான் கவனிக்கிறது. இடத்துக்குத் தனி, வலத்துக்குத் தனி. ஒரு பக்கத்து முடிச்சு விழித்தால் கொப்புளமும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் அவசரம் ஏன் என்று புரியும். அசைக்ளோவிர் மாத்திரை, வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனதும் வைரஸின் சொந்த நொதியாலேயே முடுக்கிவிடப்படுகிறது. பிறகு வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் போய் ஒட்டிக்கொண்டு, அதற்குமேல் நீளவிடாமல் தடுக்கிறது. அதாவது வைரஸ் பெருகுவதை நிறுத்தும், அவ்வளவுதான். ஏற்கெனவே சிதைந்த நரம்பை அதனால் சீர்செய்ய முடியாது. வைரஸ் வேகமாகப் பெருகுவது முதல் சில நாட்களில். அதனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு வலியிலிருந்து அல்ல, தோலில் முதல் சிவப்பு தெரிந்ததிலிருந்து. நம் அம்மாவுக்கு வியாழன் காலையிலிருந்து ஞாயிறு காலை வரை.

சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, 7 நாள். ஐந்து முறை சிரமம் என்றால் மூன்று வேளை போடும் வாலாசைக்ளோவிர் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது. நோய் இருப்பது உள்ளே, நரம்பில்.

நம் ஊரில் இந்த மூன்று நாள் பெரும்பாலும் அக்கி எழுதுவதில் போய்விடுகிறது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவி பூசிக்கொண்டு, அடுத்த நாளும் போய், காயட்டும் என்று காத்திருக்கிறார்கள். எழுதினால் சரியாகிறது என்று நம்பக் காரணமும் இருக்கிறது. எதுவும் செய்யாவிட்டாலும் கொப்புளங்கள் பத்து நாளில் பொருக்குத் தட்டி, நான்கு வாரத்துக்குள் தோல் ஆறிவிடும். ஆறாமல் நிற்பது வலிதான். மூன்று மாதம் கழித்தும் சேலை பட்டால் எரியும் நிலை, வயது ஏற ஏற அதிகமாக வருகிறது. எழுத ஆசைப்படுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மாத்திரையை முதலில் தொடங்குங்கள் என்றுதான் கெஞ்சுவேன். உடைந்த கொப்புளத்தில் மட்டும் எதையும் பூச வேண்டாம், சீழ் பிடிக்கும்.

சீக்கிரம் தொடங்கினால் புதுக் கொப்புளங்கள் விரைவில் நிற்கும், அந்த வாரத்து வலியும் தணியும். நீடித்த வலி வரவே வராது என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஆபத்தைப் பெரிதும் குறைப்பது 50 வயதுக்கு மேல் இரண்டு தவணையாகப் போடும் அக்கித் தடுப்பூசி. விலை அதிகம், ஆனாலும் இந்தியாவில் கிடைக்கிறது.

மூன்று நாள் தாண்டிவிட்டாலும் போகாமல் இருந்துவிட வேண்டாம். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால் அப்போதும் மருந்து தருவார்கள். கொப்புளம் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் நாள் கணக்கே பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், பார்வை போகலாம். பொருக்குத் தட்டும்வரை கொப்புளத்தைத் துணியால் மூடி வைத்து, அம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளியே வைத்திருங்கள். அக்கி நீரிலிருந்து அவர்களுக்குச் சின்னம்மை தொற்றும்.