ட்ரிப் சுவிச் விழுதுன்னு கூப்பிட்டா, போய்ப் பாக்குறதுக்கு எவ்வளவு வாங்குறது?

சொந்தமா வயரிங் வேலை தொடங்குற தம்பிமார் மொதல்ல கேக்குறது எந்த ட்ரில் மெசின் நல்லதுன்னுதான். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் வீடு வீடா போய் வேலை செய்றவங்கிற முறைல சொல்றேன், ட்ரில்ல அப்புறம் பாத்துக்கலாம், தேவைப்பட்ட அன்னைக்கு வாடகைக்கு எடுத்தாலும் வேலை நடக்கும். டெஸ்டர், நல்ல இன்சுலேஷன் போட்ட பிளையர், கட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட் இதெல்லாம் 12,000 ரூவாவுக்குள்ள முடிஞ்சிரும், ஒரு சாதாரண க்ளாம்ப் மீட்டர் 7,000 பக்கம். அதுக்கு மேல கையில காசு இருந்தா மெகர் வாங்குங்க, அதான் இன்சுலேஷன் டெஸ்டர். 30,000 பக்கம் போகும், கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கு. "அவ்வளவு காசு குடுத்து அது என்னத்துக்கு"ன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல வருமானத்துல பாதி மழைக்காலத்துல வர்ற ட்ரிப் கோல்தான், அதைக் கண்டுபிடிக்கிற சாமான் இதுதான்.

ஒரு வீட்டுக் கதைய முழுசா சொல்றேன், அப்பத்தான் காசு கணக்கு விளங்கும்.

கொட்டகலைப் பக்கம் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்க வீடு. ஜூன் மாசம், விடாத மழை. கேத்தல் போட்டாலும் ட்ரிப் விழும், அயன் போட்டாலும் விழும், ஒண்ணும் போடாம விட்டா நிக்கும். எனக்கு முன்னாடி ரெண்டு பாஸ்மார் வந்து போயிருக்காங்க, ஒருத்தர் ட்ரிப் சுவிச்ச புதுசா மாத்திட்டாரு, இன்னொருத்தர் கேத்தல்தான் பழுதுன்னு சொல்லி டீச்சர் புது கேத்தலும் வாங்கிட்டாங்க. சாமானுக்கு மட்டும் 10,000க்கு மேல போயிருச்சு, ட்ரிப் விழுறது நிக்கல. "தம்பி, நீங்களும் ஏதாச்சும் மாத்தணும்னு சொன்னா இப்பவே சொல்லிருங்க"ன்னாங்க.

ட்ரிப் சுவிச் பாக்குறது ஒரே விசயம். லைன்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணா இருக்கான்னு மட்டும். வித்தியாசம் 30 மில்லி அம்பியருக்கு வந்துச்சுன்னா, சில நேரம் அதுக்கு முன்னாடியே கூட, விழுந்துரும். இப்ப எங்கயாச்சும் நியூட்ரல் வயர் எர்த்துல பட்டுக்கிட்டு இருந்தா, வீட்டுல லோட் இல்லாத வரைக்கும் ஒண்ணும் தெரியாது. 2,000 வாட் கேத்தல போட்டதும் 8, 9 அம்பியர் திரும்பி வருது, அதுல கொஞ்சம் நியூட்ரல விட்டு எர்த் வழியா போகுது, ட்ரிப் விழுது. பழி கேத்தல் தலையில. பாஸ்மார் நெறைய பேர் ப்ரேக்கர ஒவ்வொண்ணா ஓஃப் பண்ணித் தேடுவாங்க, ஆனா நம்ம வீடுகள்ல இருக்கிற சாதாரண ப்ரேக்கர் லைன மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே போர்டுல எல்லா நியூட்ரலும் சேர்ற பாருல மாட்டிக்கிட்டுதான் இருக்கும், அதனால பழுதான சர்க்கிட்ட ஓஃப் பண்ணி வச்சாலும் ட்ரிப் விழும், ஆளு குழம்பிப் போய் கடைசில புது ட்ரிப் சுவிச் வித்துட்டு வந்துருவாரு.

நான் செஞ்சது இதான். மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணி, கரண்ட் இல்லன்னு டெஸ்டர மட்டும் நம்பாம மீட்டர்லயும் பாத்துட்டு, வீட்டுல உள்ள எல்லா ப்ளக்கையும் கழட்டச் சொன்னேன், டிவி, ரவுட்டர் உட்பட, ஏன்னா மெகர் 500 வோல்ட் விடும், எலெக்ட்ரோனிக் சாமான் தாங்காது. அப்புறம் நியூட்ரல் பாருல இருந்து வயர ஒவ்வொண்ணா கழட்டி, டேப்ல நம்பர் போட்டு ஒட்டி, ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல மெகர் வச்சேன். 1 மெகா ஓம்முக்கு மேல காட்டணும், நல்ல வயர்னா அதுக்கு எவ்வளவோ மேல காட்டும். ஒண்ணு மட்டும் பூச்சியம். வெளி லைட் சர்க்கிட். கேட் பக்கத்துல இரும்புப் பெட்டிக்குள்ள ஜொயின்ட், சுத்தின டேப் ஊறிக் கழண்டு, நியூட்ரல் பெட்டியில ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த லைட்ட பகல்ல யாரும் போடுறதே இல்ல, ஆனா சுவிச்சும் லைன மட்டும்தானே வெட்டுது.

ஒரு கனெக்டர், தண்ணி போகாத ப்ளாஸ்டிக் பெட்டி ஒண்ணு, வயர் கீழ் பக்கமா நுழையிற மாதிரி பொருத்துனேன். மேல் பக்கமா ஓட்டை போட்டா எந்தப் பெட்டியும் நம்ம மழைக்கு நிக்காது. சாமான் 700, வேலைக்கூலி 1,500, போய்ப் பாத்த காசு 1,500. மொத்தம் 3,700.

இந்தப் போய்ப் பாக்குற காசுலதான் புதுசா வர்றவங்க வெக்கப்படுறாங்க. "பாத்துட்டுச் சொல்றேன், பாக்குறதுக்கு காசு இல்ல"ன்னு போயிருவாங்க, அப்புறம் பழுது சின்னதா இருந்தா கூலி வராது, அப்ப எதையாவது மாத்தித்தான் ஆகணும். டீச்சர் வீட்டுல நடந்தது அதுதான்னு நான் நினைக்கிறேன், ஏமாத்தணும்னு வந்த ஆளா இருக்கணும்னு இல்ல. கணக்கப் பாருங்க. போக வர 24 கிலோமீட்டர், மலை ரோட்டுல பைக் லீட்டருக்கு 30தான் ஓடும், லீட்டர் 300ன்னு வச்சா 240 ரூவா. டயர், சர்விஸ் 100. ரோட்டுல 80 நிமிசம் போகுது, மணிக்கு 500ன்னு போட்டாலும் 670 பக்கம். செக் பண்ற அரை மணித்தியாலம் 250. மெகர் காச 200 கோல்ல எடுக்கணும்னா ஒரு கோலுக்கு 150. கூட்டுனா 1,410. 1,500 வாங்குறது அநியாயம் இல்ல, ஆனா போன்லயே சொல்லிரணும், வாசல்ல நின்னுகிட்டு சொல்லக்கூடாது.

தோட்டத்து லயத்துல அந்தக் காச ஒரு வீட்டுல வாங்குறது கஷ்டம், அது எனக்குத் தெரியும். அங்க நாலு வீடு சேர்ந்து ஒரே நாள்ல கூப்பிடச் சொல்லுவேன், ரோட்டுக் காச பங்கு போட்டுக்குவாங்க. மீட்டருக்கு முன்னாடி உள்ளது கரண்ட் குடுக்குற நிறுவனத்தோடது, சீல்ல கை வைக்கவே வேணாம்.

திரும்பத் திரும்ப கூப்பிடுற வீடு எப்படி வருதுன்னா, போர்டு கதவுக்குள்ள ஒரு ஸ்டிக்கர். திகதி, எந்த சர்க்கிட், என்ன பழுது, மெகர் காட்டுன அளவு, என் நம்பர். அடுத்து வேற பாஸ் வந்தாலும் அதைப் பாத்துத்தான் தொடங்கணும், சிலருக்கு அது பிடிக்காது. டீச்சரோட மகள் கொழும்புல, பூச்சியம் காட்டுன மீட்டரையும் வேலை முடிஞ்சு காட்டுன அளவையும் படம் எடுத்து வட்ஸ்அப்ல அனுப்புனேன், காசு பேங்க்ல வந்துச்சு, அடுத்த மாசம் அவங்க மாமியார் வீட்டு வேலையும் வந்துச்சு. அதே பழுது மூணு மாசத்துக்குள்ள திரும்ப வந்தா போய்ப் பாக்குற காசு வாங்க மாட்டேன், அதையும் பில்லுலயே எழுதிக் குடுப்பேன். ஹட்டன் பக்கம்னா மே மாசத்துக்கு முன்னாடி, பண்டாரவளை, பதுளைப் பக்கம்னா ஒக்டோபருக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடுவேன், "ட்ரிப் சுவிச்ல T பட்டன ஒருக்கா அமத்திப் பாருங்க, விழலன்னா கூப்பிடுங்க"ன்னு. கூப்பிடுறவங்க இருக்காங்க.

ராவுல கோல் எடுத்து "ட்ரிப்ப விட்டுட்டு டைரக்ட் பண்ணி விடுங்க, நாளைக்குப் பாக்கலாம்"னு கேக்குற வீடு நெறைய வரும், கூடுதல் காசும் தர்றேன்னுவாங்க. செய்யாதீங்க, ஹீட்டர் ஷவர் உள்ள வீட்டுல ஈரத்தோட நிக்கிற மனுசனுக்கு இருக்கிற ஒரே காவல் அந்த ட்ரிப் சுவிச்தான். அதுக்குப் பதிலா பழுதான சர்க்கிட்டோட லைன், நியூட்ரல் ரெண்டையும் போர்டுல இருந்து கழட்டி, முனையில கனெக்டர் போட்டு மூடிட்டு, மிச்ச வீட்டுக்கு ட்ரிப்போடயே கரண்ட் குடுத்துட்டு வந்துரலாம். மெகர் கையில இருந்தா அதுக்கு முக்கால் மணித்தியாலம் போதும், மிச்ச வேலைக்கு விடிஞ்சப்புறம் போங்க.